நான் தூங்கலைங்க ஐயா

பிள்ளைகளா, கோச்சடை மாமா செத்த அன்றைக்கு நீங்கள் ரெண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "துக்க வீட்டுக்கு வந்தவுக எல்லாம் அந்த மாமாவப் பத்தி சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாகளே, ஏம்ப்பா?" என்று. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அதை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியாது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பள்ளிக்கூடத்தில் பாதியிலேயே நின்றவன். இருந்தாலும் உட்கார்ந்து எழுதினால்தான் இதை முறையாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

பட்டாளத்தை விட்டு வந்தபிறகு எனக்கு மில்லில் ஸ்டோர் வேலை கிடைத்தது. பக்கத்தில் இருக்கிற நம்ம புதுக்கோட்டையிலிருந்து அரை மணி நேரம் சைக்கிளில் போவேன். மாமாவுக்கு அதே மில்லில் கேட் வாட்ச்மேன் வேலை. உறவு எதுவும் இல்லை. முதல் நாள் என்னை நிறுத்தி டிபன் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னவர், உள்ளே பார்த்துவிட்டு, "இன்னிக்கும் புளிச்சோறா? போ மாப்ள, இதை யாரும் திருட மாட்டான்" என்றார். அதிலிருந்து மாப்ளதான்.

சிரிக்க வைப்பதற்கென்றே பிறந்த ஆள். மில்லில் தொழிலாளர் மனமகிழ் மன்றம் என்று ஒன்று இருந்தது. ஒரு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, ஒரு சின்ன மேடை. வருசா வருசம் ஆண்டு விழாவுக்கு அங்கே நாடகம் போடுவோம். மாமா மேடையில் வந்து சும்மா நின்றாலே சனம் சிரிக்கும். வசனம் பேச ஆரம்பித்தால் கேட்க வேண்டாம்.

அந்த வருசம் மழைக்காலத்தில் மில்லில் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கியிலிருந்து நூல் மூட்டை சிலது காணாமல் போனது. அன்றைக்கு ராத்திரி டூட்டி மாமாவுக்கு. சூப்பர்வைசர் டார்ச் அடித்துப் பார்த்தபோது மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். டூட்டியில் தூங்கியதாக எழுதி மெமோ கொடுத்துவிட்டார்கள்.

"நான் தூங்கல மாப்ள. தகரம் ஒழுகுச்சு, சாக்கைக் கவுத்துக்கிட்டேன். அம்புட்டுத்தான். மூட்டைய ஏத்திட்டுப் போன லாரி வந்தது வடக்கு வாசல்ல. நான் இருந்தது தெக்கு வாசல்ல."

இதை அவர் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். விசாரணை ஆண்டு விழாவுக்கு அப்புறம் என்று தள்ளி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் வடக்கேயிருந்து புது மேனேஜர் வந்தார். நல்ல மனுசன், குரல் உயர்த்திப் பேச மாட்டார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பட்டாளத்தில் நான் இந்தி கற்றது அவர் காதுக்குப் போய், ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் டைப் அடித்த தாள்கள். அவர் காலேஜ் ஹாஸ்டலில் படிக்கும்போது நடித்த சிரிப்பு நாடகமாம். இன்ஸ்பெக்டராக நடித்தது அவரே. அதைத் தமிழில் மாற்றி ஆண்டு விழாவில் போட்டால் சந்தோசப்படுவேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் ஒரு பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. நான் சரி என்று வாங்கி வந்தேன்.

கதை சின்னது. நகைக்கடையில் தங்கம் காணாமல் போகிறது. இன்ஸ்பெக்டர் வந்து கடை வாட்ச்மேனை விசாரிக்கிறார். இந்தியில் 'சோனா' என்றால் தங்கம். தூங்குவதற்கும் 'சோனா' என்றுதான் சொல்வார்கள். இன்ஸ்பெக்டர் "சோனா எங்கே?" என்று கேட்பார். தங்கம் எங்கே என்று அவர் அர்த்தம். எங்கே படுக்கை என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து வாட்ச்மேன், "இங்கேதான் ஹுஜூர், வராந்தாவிலே" என்பான். "எவ்வளவு சோனா இருந்தது?" என்றால், "ரெண்டு மணி நேரம்தான் ஹுஜூர்" என்பான். முழுக்க இதுதான். கடைசியில் கடைக்காரரே தங்கத்தை வாட்ச்மேனுடைய தலையணைக்குள் ஒளித்து வைத்தது தெரிந்துவிடும். சோனா என்றால் தலையணையில்தானே இருக்கும் என்று வாட்ச்மேன் சொல்ல, திரை விழும்.

படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. தங்கம் தங்கம்தான். தூக்கம் தூக்கம்தான். ரெண்டுக்கும் நடுவில் நம்மிடம் பாலம் கிடையாது.

முதலில் நான் செய்தது சுத்த மடத்தனம். சோனாவை அப்படியே விட்டுவிட்டு, 'இந்தியிலே சோனான்னா ரெண்டு அர்த்தமுங்க' என்று ஒரு கான்ஸ்டபிளை விட்டுச் சொல்ல வைத்தேன். ஒத்திகையில் ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வேசம் போட்ட ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட் அண்ணன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சொன்னார்: "ஏண்டா, இது நாடகமா, டியூசனா? மேடையில இந்தி கத்துக் குடுத்தா கல்லு வரும்டா."

அடுத்து, தமிழில் ரெண்டு அர்த்தம் உள்ள வார்த்தையாகத் தேடினேன். திருட்டுப் போனது மாலை என்று வைத்தேன். "மாலை எங்கே?" என்று கேட்டால், "மாலைன்னா ஆறு மணிக்குங்க" என்று வாட்ச்மேன் சொல்வான். மாமா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ள, நம்மூர்ல எவன்டா சாயங்காலத்தை மாலைங்கிறான்? சங்கிலி களவு போனா எவன் மாலைங்கிறான்? ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறவன் வீட்டுலதான் திருடணும்." அதோடு இன்னொரு கோளாறு. மாலை என்று மாற்றினால் கதையிலிருந்து தூக்கம் போய்விடுகிறது. தூக்கம் போனால் கடைசியில் தலையணை எதற்கு? ஒரு செங்கலை உருவினால் சுவரே சரிகிற மாதிரி இருந்தது.

விழா நெருங்கிவிட்டது. அன்றைக்கு ஷிப்டு முடிந்து ஒத்திகைக்குக் கூடினோம். என்னிடம் வசனம் இல்லை. "இன்ஸ்பெக்டர் வசனத்த மட்டும் சொல்லுங்கண்ணே, வாட்ச்மேன் பதில அப்புறம் எழுதித் தாரேன்" என்றேன். ஸ்பின்னிங் அண்ணன் மீசையை முறுக்கி, "தங்கம் எங்கடா?" என்று அதட்டினார்.

மாமா எச்சிலை விழுங்கினார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"நான் தூங்கலைங்க ஐயா."

மன்றமே சிரிப்பில் அதிர்ந்தது. மெமோ விசயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காயைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஸ்பின்னிங் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனாலும் விடாமல் கேட்டார்.

"தூங்குனியான்னு எவன்டா கேட்டான்? தங்கம் எம்புட்டு இருந்துச்சு?"

"கண்ணக்கூட மூடலைங்க ஐயா."

"முதலாளி எப்படா வந்தாரு?"

"சாக்கு தலையில கிடந்துச்சு, ஆனா முழிச்சிருந்தேங்க ஐயா."

எதைக் கேட்டாலும் அதே பதில். திருட்டைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. தூங்கினாய் என்று சொல்லிவிடுவார்களோ என்ற ஒரே பயம். நான் தேடிய பாலம் வார்த்தையில் இல்லை, இந்தப் பயத்தில் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. தங்கத்தைக் கேட்டால் தூக்கம் பதிலாக வருகிறது. இந்தியில் என்ன நடந்ததோ அதேதான் இங்கேயும் நடந்தது, வேறு வழியில். கடைசிக் காட்சிகூடத் தானாக அமைந்துவிட்டது. தலையணையைக் கிழித்ததும் தங்கம் கொட்டுகிறது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தீகளா ஐயா! தூங்கியிருந்தா மண்டையில உறுத்தியிருக்கும்ல?" என்றார். மூலத்தில் இருந்ததைவிட இதுதான் பொருத்தம். அவன் தூங்கவில்லை என்பதற்குத் தங்கமே சாட்சி.

ஒத்திகை முடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன்.

"மாமா, இது வேணாம். விசாரணை இருக்கு. வேற எழுதுறேன்."

"நீ என்னத்த எழுதுவ? மாலைன்னு எழுதுவ."

"விளையாடாதீக."

"இங்க பாரு மாப்ள. ஊரே என் முதுகுக்குப் பின்னாடி சிரிக்குது. நான் முன்னாடி நின்னு சிரிக்க வச்சுட்டுப் போறேன். மேனேஜர் முன்வரிசையில உக்காந்திருப்பாருல்ல? அந்த மனுசன் என்னப் பாத்து ஒரு தடவ வாய்விட்டுச் சிரிச்சாருன்னு வையி, சிரிச்ச வாயால என்னப் போடான்னு சொல்லுவாரா?"

அவர் வீட்டில் அப்போது பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும். நான் எழுதினேன்.

விழா அன்று சாயங்காலம் மன்றத்துக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். மேனேஜருக்குத் தமிழ் புரியாதே என்று வெல்பேர் ஆபீசர் என்னை அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "நடக்க நடக்க அவர் காதுல சொல்லிக்கிட்டே வாய்யா" என்றார். இந்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப இந்திக்குக் கொண்டுபோகிற வேலை. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். அந்தச் சாக்கை அவர் ஒத்திகையில் கொண்டுவரவே இல்லை. சனம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னாலிருந்து ஒருத்தன், "அண்ணே, முழிச்சிட்டீகளா?" என்று கத்தினான். "தங்கம் எங்கடா?" "நான் தூங்கலைங்க ஐயா." பந்தல் ஆடியது.

மேனேஜர் திரும்பி, "என்ன சொன்னான்?" என்றார்.

எனக்கு யோசிக்க நேரம் இல்லை. மெமோவையும் சாக்கையும் மழையையும் சொன்னால்தான் இந்தச் சிரிப்பு புரியும். அதைச் சொல்லலாமா கூடாதா? சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். என் வாயில் வந்தது அவருக்குத் தெரிந்த பழைய வசனம். "சோனா எங்கே என்றதுக்கு, இங்கே வராந்தாவிலே ஹுஜூர் என்கிறான்" என்று இந்தியில் சொன்னேன். மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அடுத்த வசனம் வருவதற்கு முன்னாலேயே, "ரெண்டு மணி நேரம்தான் ஹுஜூர்!" என்று அவரே முணுமுணுத்து இன்னும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மேடையிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். முன்வரிசையில் மேனேஜர் குலுங்கிச் சிரிக்கிறார். மாமா முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சிரிப்பைப் பார்த்து மாமா நடிக்கிறார், என் பேச்சைக் கேட்டு இவர் சிரிக்கிறார். ஆனால் இவர் கேட்டது வேற நாடகம்.

விசாரணை மேனேஜர் ரூமில் நடந்தது. மேனேஜர், வெல்பேர் ஆபீசர், வாக்குமூலம் எழுத ஒரு கிளார்க், மொழி சொல்ல நான். மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். உள்ளே நுழையும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மேனேஜர் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

மாமா எச்சிலை விழுங்கினார். கையைக் கட்டினார். அவர் எப்போதும் அப்படித்தான், பயந்தால் அப்படி நிற்பார்.

"நான் தூங்கலைங்க ஐயா."

கிளார்க்குக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். வெல்பேர் ஆபீசர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மாமா அவர்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். திரும்பவும், கொஞ்சம் சத்தமாக, "நெசமாத்தாய்யா, கண்ணக்கூட மூடலை" என்றார். கிளார்க்கால் எழுதவே முடியவில்லை.

பிள்ளைகளா, அவரிடம் சொல்லிக்கொள்வதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. நெசமான வாக்கியம். வேறு எப்படித் திருப்பிச் சொன்னாலும் அது மேடை வசனமாகத்தான் விழுந்தது.

மேனேஜர் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். "அவன் தூங்கவில்லை என்று சொல்கிறான் சாஹப்" என்றேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி அவர் புருவத்தைச் சுருக்கினார். சொந்த ஆட்களே இவன் பேச்சைக் கேட்டு நம்பாமல் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. நாடகத்தில் சொன்ன வசனம் அது என்று நான் அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன். "எந்த நாடகம்? என் நாடகத்திலா? அதில் அப்படி ஒரு வசனமே கிடையாதே" என்றார்.

மாமாவுக்கு அது புரியவில்லை. அவர் தன் துருப்புச் சீட்டை இறக்கினார். "ஐயா, அன்னிக்கு என்னப் பாத்து அம்புட்டுச் சிரிச்சீகளே" என்றார். நான் அதை அப்படியே சொன்னேன். மேனேஜர் முகம் மலர்ந்தது. "ஆமாம், அந்த சோனா தமாஷ்! இவ்வளவு வருசம் கழித்து அதே வசனத்தைக் கேட்டது எனக்குச் சந்தோசம். நன்றாகக் கொண்டுவந்தீர்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாமாவைப் பார்த்து இல்லை.

"என்ன சொல்றாரு மாப்ள?"

"ஆமா, சிரிச்சேன், சந்தோசமா இருந்துச்சுங்கிறாரு."

அதில் பொய் இல்லை. மாமா மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டார்.

வேலை போய்விட்டது. யூனியன்காரர்கள் கொஞ்ச நாள் அலைந்தார்கள், அப்புறம் வேறு பிரச்சினை வந்துவிட்டது. மேனேஜரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூப்பர்வைசர் எழுத்தில் கொடுத்திருந்தார், நூல் போனது நெசம், அவருக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான். நாடகமே இல்லாவிட்டாலும் வேலை போயிருக்கும் என்று பலபேர் சொன்னார்கள். இருக்கலாம். பெண் பார்க்க வந்தவர்கள் மறுபடி வரவில்லை. அந்தப் பெண்ணை ரொம்பக் காலம் கழித்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள், அதுவும் ரெண்டாந்தாரமாக.

மாமா விறகுக் கடையில் விறகு நிறுத்துப் போட்டார். அதுதான் உங்களுக்குத் தெரிந்த மாமா. வாட்ச்மேன் வேலை மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. கேட்கப் போன இடத்தில் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் யாராவது சிரித்துவிடுவார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அவரோடு கூட்டத்தில் நின்றேன். எங்கிருந்தோ ஒரு குரல், "தூங்கலைங்க ஐயா!" என்றது. மாமா அந்தக் கூட்டத்திலும் கையைக் கட்டி, எச்சிலை விழுங்கி, குனிந்து காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றை அவர் கடைசி வரை விடவில்லை. நம்ம வீட்டுக்கு வரும்போதெல்லாம், காபியை ஆற்றிக்கொண்டே, "என்ன இருந்தாலும் மேனேஜர் சிரிச்சாருல்ல மாப்ள? நீதான பின்னாடி இருந்த, பாத்தேல்ல?" என்பார். "பாத்தேன் மாமா" என்பேன். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னும் ஒரு டம்ளர் குடிங்கண்ணே" என்று பேச்சை மாற்றுவாள். மேனேஜர் எந்த வசனத்துக்குச் சிரித்தார் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

துக்க வீட்டில் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டீர்களே. இதனால்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவரை நினைத்தால் அவர்களுக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வருகிறது, வந்தால் சிரிப்பு வருகிறது. பாடையைத் தூக்கும்போதுகூட ஒருத்தர், "இப்பத்தாண்டா நெசமாத் தூங்குறாரு" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சொன்னவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து உங்களை அம்மாவோடு பஸ் ஏற்றிவிட்டு, சைக்கிளில் வருகிறேன் என்று சொல்லிப் பின்தங்கினேன் இல்லையா? நேரே வீட்டுக்கு வரவில்லை. கோச்சடைப் பக்கம் வைகைக் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் இறங்கினேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் கிடையாது, ஆள் கிடையாது, ரெண்டு எருமை மட்டும் தூரத்தில்.

விசாரணை அன்று, 'நான் தூங்கலை' என்று அவர் சொன்னதை 'அவன் சொல்கிறான்' என்று நான் மாற்றிச் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டேன். எச்சிலை விழுங்கினேன். அவர் நிற்கிற மாதிரி கொஞ்சம் குனிந்து நின்று, அவர் குரலில், அவருடைய அதே வாக்கியத்தை இந்தியில் ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"மை நஹீ சோயா, சாஹப்."

பிறகு காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.